மூன்றாம் நாள் வீக்கம்

நுழையும்முன்

நச்சுப்பொருள் உடலைத் தாக்கினால் அதன் விளைவு உடனே தெரியும் என்பது பொதுவான எண்ணம். தலைமுடிச் சாயத்தால் வரும் ஒவ்வாமை அவ்வாறன்று. அது பெரும்பாலும், சேவையைப் பெற்றவர் வீடு திரும்பிய பின்னரே வெளிப்படுகிறது. ஆகவே, அழகுநிலையத்தில் எழுதப்படும் பதிவேடு இங்கு மருத்துவச் சான்றாகவே மாறுகிறது.

சனிக்கிழமை மாலை

திருப்பூரில் பனியன் நிறுவனத் தொழிலாளர் பலருக்குச் சனிக்கிழமை சம்பள நாள், மறுநாள் விடுமுறை. அழகுநிலையங்களில் கூட்டம் மிகுவதும் அப்பொழுதுதான். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். துணிகளைச் சரிபார்க்கும் ‘செக்கிங்’ பிரிவில் பணிபுரியும் ஒரு பெண், சனிக்கிழமை இரவு ஏழு மணிக்கு முடிக்குக் கருஞ்சாயம் இட்டுக்கொள்கிறார். அன்று எந்தத் தொல்லையும் இல்லை. ஞாயிறு இரவு உச்சந்தலையில் அரிப்புத் தொடங்குகிறது. திங்கள் காலை நெற்றியும் காதோரமும் சிவந்து, கண்ணிமைகள் திறக்க இயலாதவாறு வீங்கிவிடுகின்றன.

அவர் வேலைக்கு வந்தபின் முகத்தைக் கண்ட உடன்பணியாளர்கள், பஞ்சுத் தூசியே காரணம் என்கின்றனர். புதிய துணியின் சாயம் என்கிறார் மேற்பார்வையாளர். இரண்டு நாள்களுக்கு முன் நடந்த ஒன்றை எவரும் நினைக்கவில்லை. காரணம் தவறாக அறியப்பட்டால், அப்பெண் அடுத்த மாதமும் அதே சாயத்தை இட்டுக்கொள்வார். அப்போது வீக்கம் முன்னினும் கடுமையாக வரக்கூடும்.

காலம் தாழ்ந்து வருவது ஏன்?

நிலைத்து நிற்கும் கருஞ்சாயங்கள் பலவற்றில் பாராபினைலின் டைஅமீன் என்னும் வேதிப்பொருள் உள்ளது. இதனைச் சுருக்கமாகப் பி.பி.டி. என்பர். ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கலக்கும்போது இது வினைபுரிந்து, முடியினுள் நிறத்தை உண்டாக்குகிறது. வினை முற்றுப்பெறாத பொருள் தோலினுள் புகுந்தால், சிலருடைய உடலின் தடுப்பாற்றல் அதனைப் பகையாகக் கண்டு நினைவில் பதித்துக்கொள்கிறது. இப்பதிவு நிகழ்ந்த பின்னர் மீண்டும் அப்பொருள் படும்போது, அதனை நினைவில் கொண்ட வெள்ளணுக்கள் பெருகி அவ்விடத்தில் திரள்கின்றன. இதற்குச் சில மணி நேரம் முதல் மூன்று நாள் வரை ஆகலாம்.

இந்நினைவு பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். பத்து முறை சாயமிட்டும் தொல்லை வராதவருக்குப் பதினோராம் முறை வருவதும் இதனால்தான்.

முதற்செயல்கள்

திங்கள் மாலை அப்பெண் அழகுநிலையத்திற்குத் தொலைபேசியில் தெரிவிக்கிறார் எனக் கொள்வோம். முதலில் கேட்கவேண்டியது, ‘மூச்சு விடுவதில் இடர் உண்டா, உதடோ நாக்கோ வீங்கியுள்ளதா, தலைசுற்றல் உண்டா?’ என்பதே. இவற்றுள் ஒன்று இருப்பினும் 108 ஊர்தியை உடனே அழைத்தல் வேண்டும். இத்தகைய கடும் எதிர்வினை அரிது. ஆயினும் அது உயிரைப் பறிக்க வல்லது.

அவை இல்லையெனில், எஞ்சிய சாயம் நீங்குமாறு மென்மையான ஷாம்பூவும் மிகுதியான நீரும் கொண்டு தலையை அலசி, அன்றே தோல்நோய் மருத்துவரைக் காணச் சொல்லவேண்டும். மருந்துக்கடையில் தாமே களிம்பு வாங்கித் தடவச் சொல்லுதல் தவறு. கண்ணருகே எதைத் தடவலாம் என்பதை மருத்துவரே முடிவு செய்யவேண்டும்.

அதே நேரத்தில், சாயத்தின் உறையும் குழாயும் குப்பைக்குப் போகாமல் காக்கப்பட வேண்டும். உட்பொருள்களின் பட்டியல், தொகுதி எண், உற்பத்தியாளர் முகவரி ஆகியவை அவற்றில்தான் உள்ளன. அவ்வுறை மருத்துவரின் கைக்குச் சேர்ந்தால், அவருடைய ஐயம் பாதி தீரும்.

பதிவில் இடம்பெற வேண்டியவை

நிகழ்வுப் பதிவு, நினைவு மங்குமுன் அன்றே எழுதப்பட வேண்டும். சாயம் இட்ட நாளும் நேரமும், சாயத்தின் பெயர், நிற எண், தொகுதி எண், கலந்த அளவு, தலையில் வைத்திருந்த நிமிடங்கள், முன்சோதனை செய்யப்பட்டதா என்பது, முதல் அறிகுறி தோன்றிய நேரம் ஆகியன அதில் வேண்டும். சாயமிட்டதற்கும் அரிப்பிற்கும் இடைப்பட்ட நேரமே மருத்துவருக்கு முதன்மையான தடயம்.

கண்டதை மட்டும் எழுதுவது இப்பதிவின் இலக்கணம். ‘இரு கண்ணிமைகளிலும் வீக்கம், நெற்றியில் நீர்க்கொப்புளம்’ என எழுதலாம். ‘சாய ஒவ்வாமை’ என எழுதலாகாது. முன்னது காட்சி, பின்னது மருத்துவரின் முடிவு. முன்சோதனை செய்யவில்லையெனில் ‘செய்யவில்லை’ என்றே எழுதவேண்டும். பிழையைத் திருத்த நேர்ந்தால், பழைய சொல் தெரியுமாறு ஒற்றைக்கோடு இட்டுக் கையொப்பமிட வேண்டும். ஒளிப்படம் எடுக்க வாடிக்கையாளரின் இசைவு தேவை.

திருப்பூரில் இன்னொரு வினாவும் வேண்டும்: அவர் செய்யும் தொழில் யாது? பாலியஸ்டர் துணிக்கு இடும் டிஸ்பர்ஸ் வகைச் சாயங்களுள் சில, பி.பி.டி.யோடு உறவுடைய அமைப்புக் கொண்டவை. ஒன்றுக்கு ஒவ்வாமை கொண்டவருக்கு மற்றொன்றும் ஒவ்வாமற்போகலாம். பருத்திக்குப் பெரிதும் பயன்படும் ரியாக்டிவ் சாயங்கள் வேறு வகையின. ஆகவே, அப்பெண் எத்துணியைக் கையாள்கிறார் என்பதும் பதிவில் இருத்தல் நன்று.

> தெரிந்து தெளிவோம்
> இந்திய விதிகளின்படி, பி.பி.டி. முதலியன அடங்கிய முடிச்சாயத்தின் உறையில் எச்சரிக்கையும் முன்சோதனைக் குறிப்பும் இருத்தல் வேண்டும். காதின் பின்புறத்திலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவி, 24 மணி நேரம் கழித்துப் பார்ப்பது அச்சோதனை. அதன்பின்னும் எதிர்வினை தோன்றலாம் என்பதால், 48 மணி நேரம் காத்திருத்தல் மேலும் நன்று. புருவத்திற்கும் கண்ணிமை முடிக்கும் இச்சாயத்தைப் பயன்படுத்தலாகாது.

தொடர்கவனிப்பு

மறுநாளும் மூன்றாம் நாளும் ஒரு வாரம் கழித்தும் நிலையத்தார் நலம் கேட்டு, ஒவ்வொரு விடையையும் நாளிட்டு எழுதவேண்டும். வீக்கம் தணிந்தவுடன் பதிவை முடித்துவிடலாகாது. தோல் முற்றும் தேறிய பின்னர், மருத்துவர் ஒட்டுச் சோதனை செய்வார். ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறிதளவு முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அன்றும் அடுத்த சில நாள்களிலும் தோலைப் பார்ப்பது அம்முறை. பி.பி.டி. காரணமா, துணிச்சாயம் காரணமா என்பதற்கு அப்போதுதான் விடை கிடைக்கும்.

அவ்விடை பதிவில் ஏறவேண்டும். ஒரு சிறு அட்டையில் எழுதி அப்பெண்ணிடமும் தரப்படவேண்டும். ஏனெனில் திருப்பூர்த் தொழிலாளர் பலர் ஊரும் நிறுவனமும் மாறுபவர்; நிலையத்தின் பதிவேடு அவரோடு செல்வதில்லை. ‘பி.பி.டி. அடங்கிய சாயம் கூடாது’ என்னும் ஒரு வரி அவர் கையில் இருந்தால், அடுத்த ஊரின் நிலையத்தாரும் அறிவர். ‘அம்மோனியா இல்லாதது’ என்னும் விளம்பரத்தைக் கண்டு அவர் ஏமாறவும் மாட்டார். அம்மோனியா இல்லாத சாயத்திலும் பி.பி.டி. இருக்கலாம். ‘கறுப்பு மருதாணி’ என விற்கப்படுவனவற்றிலும் அது கலந்திருக்கக்கூடும்.

திங்கள் காலை பஞ்சுத் தூசி மேல் விழுந்த பழி, சனிக்கிழமை இரவின் குறிப்பு ஒன்றால் நீங்குகிறது. அக்குறிப்பு இல்லையெனில், அப்பெண் வேலையை விட்டிருக்கலாம், சாயத்தை விட்டிருக்கமாட்டார்.

மதிப்பீடு

1. முடிச்சாய ஒவ்வாமை காலம் தாழ்ந்து வெளிப்படுவதன் காரணத்தை விளக்குக.
2. நிகழ்வுப் பதிவில் ‘காட்சி’, ‘முடிவு’ ஆகிய இரண்டையும் வேறுபடுத்துக.
3. பாடத்தில் வரும் பெண்ணுக்கான நிகழ்வுப் பதிவு ஒன்றை எழுதுக.