போக்கெழுதிய கடன் திரும்பி வரும்போது

நாமக்கல் வட்டாரத்தில் பத்தாயிரம் கோழிகளை வளர்ப்பது பெரிய பண்ணையாகக் கருதப்படுவதில்லை. முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் உண்ணும். எனவே பத்தாயிரம் கோழிகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு டன்னுக்கும் சற்று மிகுதியாகத் தீவனம் தேவைப்படும். முட்டை விலை வீழ்ந்தாலும் கோழியின் பசி குறையாது. தீவன வணிகரின் கடன் விற்பனை ஒரே வாரத்தில் இலட்சங்களைத் தொடுவதற்கும், அக்கடன் சில சமயம் வாராக்கடனாக மாறுவதற்கும் இதுவே காரணமாகும்.

2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கோழியிறைச்சியும் முட்டையும் கொரோனா தொற்றைப் பரப்புகின்றன என்னும் வதந்தி நாடெங்கும் பரவியது. மார்ச் மாதத்தில் நாமக்கல் மண்டல முட்டை விலை பெரிதும் சரிந்தது. அம்மாத இறுதியில் பொது முடக்கமும் வந்து சேர்ந்தது. அக்காலச் சூழலில் அமைந்த ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம்.

தீவன வணிகர் ஒருவர் 2020 பிப்ரவரியில் ஒரு பண்ணையாளருக்கு 50 கிலோ மூட்டைகள் 150ஐ, கிலோ ₹24 வீதம், கடனாக விற்றார். தொகை ₹1,80,000. விலைச் சரிவில் பண்ணையாளர் தம் கோழிகளைக் கிடைத்த விலைக்கு விற்றுக் கொட்டகையை மூடினார். ஆகஸ்டு மாதத்தில் ₹60,000 மட்டும் செலுத்தினார். எஞ்சிய ₹1,20,000 வரும் என்ற நம்பிக்கை அற்றுப்போகவே, வணிகர் 31.3.2021 அன்று அதனைப் போக்கெழுதினார்.

| விவரம் | பற்று ₹ | வரவு ₹ |
|---|---|---|
| வாராக்கடன் க/கு ப | 1,20,000 | |
| பண்ணையாளர் க/கு | | 1,20,000 |
| (வசூலிக்க இயலாத கடன் போக்கெழுதப்பட்டது) | | |

இப்பதிவால் பண்ணையாளர் கணக்கு முடிவுற்றது. வாராக்கடன் கணக்கு 2020–21ஆம் ஆண்டின் இலாப நட்டக் கணக்கிற்கு மாற்றப்பட்டு அதுவும் முடிவுற்றது. ஆனால் முடிவுற்றவை ஏட்டுக் கணக்குகள் மட்டுமே. போக்கெழுதுதல் என்பது, பணம் வரும் என்னும் எதிர்பார்ப்பை வணிகர் தம் ஏட்டிலிருந்து நீக்குவதாகும். அது கடனைத் தள்ளுபடி செய்வதாகாது. தள்ளுபடி செய்தால் கேட்கும் உரிமையே போய்விடும். போக்கெழுதினால் அவ்வுரிமை அப்படியே இருக்கும். வழக்குத் தொடரும் கால வரம்பு கடந்துவிட்ட கடனைக்கூட, கடனாளி தாமாக முன்வந்து செலுத்தினால், வணிகர் முறைப்படி பெற்றுக்கொள்ளலாம்.

இரண்டு ஆண்டுகள் கழித்துப் பண்ணையாளர் மீண்டும் தொழில் தொடங்கினார். தீவனம் வேண்டும், அதுவும் கடனாக வேண்டும். பழைய பாக்கியில் ஒரு பகுதியையாவது தீர்த்தால்தான் புதிய கடன் என்று வணிகர் கூறிவிட்டார். அதன்படி 10.10.2022 அன்று பண்ணையாளர் ₹75,000ஐ வங்கி வழியே அனுப்பினார். இத்தொகையை எக்கணக்கில் வரவு வைப்பது என்பதே இப்பாடத்தின் கேள்வி.

பணம் தந்தவர் பண்ணையாளர். ஆகவே அவர் கணக்கை வரவு செய்ய வேண்டும் என்றே முதலில் தோன்றும். அது தவறாகும். ஏனெனில் ஏட்டின்படி அவர் செலுத்த வேண்டியது ஏதுமில்லை. வாராக்கடன் கணக்கை வரவு செய்வதும் பொருந்தாது. அந்த நட்டம் 2020–21ஆம் ஆண்டோடு முடிந்தது. 2022–23ஆம் ஆண்டின் வாராக்கடன் கணக்கில் இத்தொகையைச் சேர்த்தால், அவ்வாண்டில் உண்மையில் எவ்வளவு கடன் வாராமற்போனது என்பது மறைந்துவிடும். எனவே வந்த தொகை, வந்த ஆண்டின் ஆதாயமாகத் தனிக் கணக்கில் பதியப்படுகிறது.

| விவரம் | பற்று ₹ | வரவு ₹ |
|---|---|---|
| வங்கிக் க/கு ப | 75,000 | |
| வசூலித்த வாராக்கடன் க/கு | | 75,000 |
| (2020–21இல் போக்கெழுதிய கடனில் ஒரு பகுதி வசூலானது) | | |

வசூலித்த வாராக்கடன் கணக்கு ஒரு பெயரளவுக் கணக்கு. ஆண்டிறுதியில் அதன் இருப்பு, இலாப நட்டக் கணக்கின் வரவுப் பக்கத்திற்கு மாற்றப்படும். வாராத ₹45,000க்குப் பதிவு எதுவும் தேவையில்லை. அதனை மீண்டும் நட்டமாக எழுத முற்படுவது மாணவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அது ஏற்கெனவே ₹1,20,000க்குள் அடங்கி நட்டமாகிவிட்டது.

சில வணிக நிறுவனங்கள் இதனையே இரு படிகளாகப் பதிகின்றன. முதலில் பண்ணையாளர் கணக்கைப் பற்று செய்து, வசூலித்த வாராக்கடன் கணக்கை வரவு செய்வர். பின்னர் வங்கிக் கணக்கைப் பற்று செய்து, பண்ணையாளர் கணக்கை வரவு செய்வர். முடிவு ஒன்றே. ஆயினும் பேரேட்டில் பண்ணையாளரின் பக்கத்தைத் திருப்புவோர்க்கு, அவர் பழைய கடனில் ₹75,000 செலுத்தினார் என்பது தெரியவரும். மீண்டும் கடன் கேட்கும் வாடிக்கையாளரைப் பொறுத்தவரை இந்தச் செய்தி மதிப்புள்ளது. முதற்படியில் வசூலான தொகையை மட்டுமே எழுதவேண்டும். ₹1,20,000 முழுவதையும் எழுதினால், வாராத ₹45,000உம் ஆதாயமாகிவிடும்.

இனி, பிழை நேரும் விதத்தைக் காண்போம். கணக்கர் வங்கி அறிக்கையில் பண்ணையாளர் பெயரைக் கண்டதும், ₹75,000ஐ அவர் கணக்கிலேயே வரவு வைத்துவிடுகிறார் எனக் கொள்வோம். அக்கணக்கு ₹75,000 வரவு இருப்பைக் காட்டும். முன்பணம் தராத, சரக்குத் திருப்பாத ஒரு வாடிக்கையாளருக்கு வரவு இருப்பு ஏன் என்று யாரேனும் வினவினால், பிழை அன்றே வெளிப்படும். ஆனால் 12.10.2022 அன்று அவருக்கு ₹90,000க்குப் புதிதாகத் தீவனம் கடனாக விற்கப்பட்டது. உடனே அக்கணக்கு ₹15,000 பற்று இருப்பைக் காட்டுகிறது. எவருக்கும் ஐயம் எழாது. பிழையின் சுவடு இரண்டே நாளில் மறைந்துவிடுகிறது.

இருப்பாய்வும் இங்கே உதவாது. பற்றும் வரவும் சமமாகவே இருப்பதால் அது ஒத்துப்போகும். ஆனால் இலாபம் ₹75,000 குறைந்திருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் கடனாளிகளின் தொகையும் அதே அளவு குறைந்திருக்கும். எல்லாவற்றினும் மோசமாக, வசூலுக்குச் செல்பவர் ₹90,000 கேட்க வேண்டிய இடத்தில் ₹15,000 கேட்டு நிற்பார். ஆண்டிறுதியில் ஒவ்வொரு கடனாளிக்கும் இருப்பு உறுதிக் கடிதம் அனுப்பி விடை பெறுவது, இப்பிழையைக் கண்டறியும் ஒரு வழி. பண்ணையாளர் தாம் ₹90,000 தரவேண்டும் என்று எழுதினால் (நேர்மையானவர் எழுதுவார்) வேறுபாடு புலப்படும். திருத்தப் பதிவு:

| விவரம் | பற்று ₹ | வரவு ₹ |
|---|---|---|
| பண்ணையாளர் க/கு ப | 75,000 | |
| வசூலித்த வாராக்கடன் க/கு | | 75,000 |
| (தவறாக வரவு வைக்கப்பட்டது திருத்தப்பட்டது) | | |

பணம் எந்தக் கடனுக்கு வந்தது என்பதும் தெளிவாக வேண்டும். பழைய கடன், புதிய கடன் இரண்டும் உள்ளபோது, எதற்குச் செலுத்துகிறேன் என்று கடனாளி குறிப்பிட்டால், அத்தொகையை ஏற்கும் வணிகர் அக்குறிப்பின்படியே கணக்கில் கொள்ள வேண்டும். குறிப்பு இல்லையெனில், எக்கடனில் கழிப்பது என்பதை வணிகரே முடிவு செய்யலாம். கால வரம்பு கடந்த கடனிலும் கழிக்கலாம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இவ்வாறு கூறுகிறது. ஆதலால் பற்றுச்சீட்டில் ‘பழைய பாக்கிக்காக’ என்னும் சொற்கள் இருத்தல் நலம்.

வருமான வரியிலும் இப்பதிவுக்கு இடமுண்டு. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டப்படி, கடனை ஏட்டில் போக்கெழுதியிருத்தலே கழிவு பெறப் போதுமானது; அது வாராது என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை என 2010இல் டி.ஆர்.எஃப். நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சட்டத்தின் 41(4) பிரிவு இதன் மறுபக்கம். கழிவு பெற்ற கடன் பின்னர் வசூலானால், அது வசூலான ஆண்டின் வருமானமாகும். 2020–21இல் ₹1,20,000 முழுவதற்கும் கழிவு பெற்ற வணிகர், 2022–23ஆம் ஆண்டு வருமானத்தில் ₹75,000ஐச் சேர்த்துக் காட்டவேண்டும். எஞ்சிய ₹45,000 என்றேனும் வந்தால், அது வந்த ஆண்டில் இதே பதிவு மீண்டும் எழுதப்படும்.