முடிவுக்கு முன் ஒரு வரி

கேள்வி: டெல்லி ஷாஜகான் சாலையில் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி நேர்முகத் தேர்வு முடித்து, வாசலில் எடுத்த படத்துக்கு என்ன வரி எழுதலாம்? நம்பிக்கை தெரிய வேண்டும். முடிவை முந்திக்கொள்ளவும் கூடாது.

பதில்: நடந்து முடிந்ததை மட்டும் எழுதுங்கள். மொத்தம் 2025 மதிப்பெண்ணில் நேர்முகத்துக்கு 275தான். மீதி 1750 முதன்மை எழுத்துத் தேர்வுக்கு உரியது. நேர்காணல் நன்றாக நடந்தாலும் அதை வைத்து முடிவைக் கணிக்க முடியாது. ஆகவே ‘வருங்கால கலெக்டர்’ என்பது ஆதாரமில்லாத வரி. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் அதுவே உறுத்தும். ‘வெறும் செய்தியில் நம்பிக்கை எங்கே?’ என்று கேட்கலாம். முதல்நிலை, முதன்மை என இரு கட்டங்களைத் தாண்டியவரே அந்த வாசலில் நிற்க முடியும். நம்பிக்கை அதிலேயே இருக்கிறது. இப்படி எழுதுங்கள்: ‘ஷாஜகான் சாலை வரை வந்தேன். கேட்டதற்கு மனதில் பட்டதைச் சொன்னேன். மனநிறைவோடு காத்திருக்கிறேன்.’ முடிவு எதுவானாலும் இதை அழிக்க வேண்டியிருக்காது.