அலுவலகக் காகிதங்கள்: எதை வைப்பது, எதை அழிப்பது, யார் ஒப்புதல் தருவது?



ஜகாத், மருத்துவ உதவி, கல்விக் கடன் என்று நம் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்கள் ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், மருத்துவமனைச் சீட்டு, சில சமயம் கடன்காரர்களின் பட்டியல் வரை எங்களிடம் தருகின்றன. உதவி கிடைத்த பிறகு அந்தக் காகிதங்கள் எங்கே போகின்றன, எவ்வளவு காலம் இருக்கின்றன என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நிர்வாகக் குழு ஏற்றுக்கொண்டுள்ள ஆவண அட்டவணையை அதற்காகவே இங்கு விளக்குகிறோம்.

அமானிதம் இங்கே இரண்டு பக்கமும் இருக்கிறது. கொடுத்த பணத்துக்குக் கணக்குக் காட்டும் காகிதத்தைக் காலத்துக்கு முன்பே அழித்துவிட்டால், பணம் தந்தவர்களுக்கும் அரசுக்கும் பதில் சொல்ல முடியாது. வாங்கியவரின் இல்லாமையைச் சொல்லும் காகிதத்தைத் தேவை முடிந்தும் வைத்திருந்தால், அவருடைய மானத்துக்குப் பாதுகாப்பில்லை. பழைய கட்டுகளை எடைக்குப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒருவருடைய விண்ணப்பம் பஜ்ஜிக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கலாம். ஆகவே ஒரே கோப்பில் உள்ள காகிதங்களுக்கும் தனித்தனிக் காலம் வைத்திருக்கிறோம்.

அட்டவணை

1. என்றும் அழிக்காதவை: அறக்கட்டளைப் பத்திரம், பதிவுச் சான்று, வருமான வரி விலக்கு ஆணைகள், சொத்துப் பத்திரங்கள், தீர்மானப் புத்தகங்கள், தணிக்கை செய்யப்பட்ட ஆண்டுக் கணக்குகள், ஆவண அழிப்புப் பதிவேடு.

2. கணக்குக் காகிதங்கள்: பேரேடு, வவுச்சர், நன்கொடை ரசீதின் அடிக்கட்டை, வங்கி அறிக்கை. உரிய மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 10 ஆண்டு.

3. வாடகை ஒப்பந்தங்கள்: கடைக்காரர் காலி செய்து கணக்குத் தீர்ந்த நாளிலிருந்து 12 ஆண்டு. வாடகைதாரரிடமிருந்து இடத்தை மீட்க வழக்குப் போடுவதற்குக் காலவரையறைச் சட்டம் தரும் அவகாசம் 12 ஆண்டு என்பதே காரணம்.

4. உதவி பெற்றவர்களின் அடையாள நகல், மருத்துவ நகல், வீட்டு விசாரணைக் குறிப்பு: உதவி தந்த நிதியாண்டு முடிந்து 3 ஆண்டு.

5. நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள்: முடிவு சொன்ன நாளிலிருந்து 1 ஆண்டு.

6. வட்டியில்லாக் கடனுக்கு எழுதி வாங்கிய பிராமிசரி நோட்டு: கடன் தீர்ந்த அன்றே ‘ரத்து’ என்று எழுதி, கையெழுத்திட்டு, கடன் வாங்கியவரிடமே திருப்பித் தரப்படும். அலுவலகம் அதை வைத்திருக்காது.

இரண்டாவது வரியில் உள்ள 10 ஆண்டு சட்டம் சொல்வது. 2022 ஆகஸ்டில் வருமான வரி விதிகளில் 17ஏஏ என்ற விதி சேர்க்கப்பட்டது. வரிவிலக்குப் பெற்ற அறக்கட்டளையின் வருமானம் வரி விதிப்பு வரம்பைத் தாண்டினால் என்னென்ன கணக்குகளை வைக்க வேண்டும், எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. நான்காவது, ஐந்தாவது வரிகளில் உள்ள காலங்களைச் சட்டம் குறிப்பிடவில்லை. நிர்வாகக் குழு கலந்து பேசி வைத்துக்கொண்டவை அவை.

ஒரே ரமலான், இரண்டு கட்டு

பத்து ஆண்டு என்றால் வவுச்சரில் உள்ள தேதியிலிருந்து பத்து ஆண்டு என்று பலரும் எண்ணுகிறார்கள். அது தவறு. ஹிஜ்ரி 1444-ஆம் ஆண்டு ரமலானை எடுத்துக்கொள்வோம். அது 2023 மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கி ஏப்ரல் மூன்றாம் வாரம் வரை இருந்தது. அந்த மாதத்தில் கொடுத்த ஜகாத் வவுச்சர்களை ‘ரமலான் 1444’ என்று எழுதி ஒரே கட்டாகக் கட்டுவது வழக்கம்.

ஆனால் மார்ச் 28 அன்று கொடுத்த தொகை 2022-23 நிதியாண்டைச் சேர்ந்தது. அதற்குரிய மதிப்பீட்டு ஆண்டு 2023-24. அது 2024 மார்ச் 31 அன்று முடிகிறது. அங்கிருந்து 10 ஆண்டு கணக்கிட்டால் 2034 மார்ச் 31. அதே ரமலானில் ஏப்ரல் 10 அன்று கொடுத்த தொகை அடுத்த நிதியாண்டில் விழுவதால், அதை 2035 மார்ச் 31 வரை வைத்திருக்க வேண்டும். ஒரே கட்டாக இருந்தால் முதல் தேதியில் எல்லாமே அழிந்துபோகும். ஓராண்டு வவுச்சர்கள் காலத்துக்கு முன்பே காணாமல் போகும். எனவே ஜகாத் வவுச்சர்களும் இப்போது நிதியாண்டு வாரியாகவே கட்டப்படுகின்றன. கட்டின் மேல் ‘அழிக்கக்கூடிய நாள்’ என்று ஒரே ஒரு தேதி எழுதப்படும்.

கடை பில்லும் ஏடிஎம் சீட்டும் வெப்பத் தாளில் அச்சாகின்றன. ஓரிரு ஆண்டுகளிலேயே அவற்றின் எழுத்து மங்கிவிடும். பத்தாம் ஆண்டு கட்டைப் பிரித்தால் வெள்ளைத் தாள்தான் இருக்கும். அத்தகைய சீட்டுகளை வவுச்சரில் சேர்க்கும் அன்றே ஜெராக்ஸ் எடுத்துச் சேர்த்துத் தைக்கிறோம்.

ஒரு மருத்துவ உதவிக் கோப்பு

விதி எப்படி நடக்கும் என்பதைக் காட்ட ஓர் உதாரணம். ஒரு தாய் தம் மகனின் அறுவை சிகிச்சைக்கு 2023 ஏப்ரலில் 15,000 ரூபாய் உதவி பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். கோப்பில் விண்ணப்பம், ஆதார் நகல், மருத்துவமனையின் செலவு மதிப்பீடு, ஸ்கேன் அறிக்கை, வீட்டுக்குப் போய் வந்தவர்கள் எழுதிய குறிப்பு, குழுவின் முடிவு, வவுச்சர், காசோலை விவரம் ஆகியவை இருக்கின்றன.

ஸ்கேன் அறிக்கையின் அசலைப் பார்த்த அன்றே திருப்பித் தர வேண்டும். மகனின் சிகிச்சைக்கு அது மீண்டும் தேவைப்படும். குழுவின் முடிவு தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிடுவதால் என்றும் இருக்கும். அங்கே விண்ணப்ப எண்ணும் தொகையும் மட்டும் எழுதப்படும். நோயின் பெயரோ குடும்பத்தின் பெயரோ எழுதப்படாது. பணம் யாருக்கு, எதற்காகக் கொடுக்கப்பட்டது என்ற விவரத்தை 17ஏஏ கேட்கிறது. ஆகவே பெயர், முகவரி, ‘மருத்துவ உதவி’ என்ற நோக்கம், தொகை, கையொப்பம் ஆகிய ஐந்தும் வவுச்சரிலேயே இருக்க வேண்டும். அந்த வவுச்சர் 2035 மார்ச் 31 வரை இருக்கும்.

மீதியுள்ள ஆதார் நகல், மருத்துவ நகல், வீட்டுக் குறிப்பு ஆகியவை தனி உறையில் ஒட்டப்பட்டு 2027 மார்ச் 31 வரை மட்டும் இருக்கும். தணிக்கையாளரோ வரித்துறையோ அந்த ஆண்டின் கணக்கைக் கேட்டால், உதவி உண்மையானதுதான் என்று காட்டவே இந்த 3 ஆண்டு. அதற்குப் பின் வவுச்சரே போதும். கணவரின் கடன் எவ்வளவு, வீட்டில் அடுப்பு எத்தனை நாள் எரியவில்லை என்ற குறிப்பு எங்கள் பீரோவில் இருக்க வேண்டியதில்லை.

அதே விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் பணம் எதுவும் போகவில்லை; கணக்குக் காட்டும் கடமையும் இல்லை. மறுபரிசீலனை கேட்க ஓராண்டு போதும் என்று குழு கருதியது. ஒன்றும் பெறாதவருடைய அந்தரங்கத்தை அதற்கு மேல் வைத்திருப்பதற்கு எங்களிடம் காரணம் இல்லை.

யார் ஒப்புதல் தருவது?

எழுத்தர் ஆண்டுக்கு ஒரு முறை, தணிக்கை முடிந்த பிறகு, காலம் கடந்த கட்டுகளைப் பட்டியலிடுவார். செயலாளர் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்துத் தேதியைச் சரிபார்ப்பார். கணக்குக் காகிதமானால் பொருளாளரும் தணிக்கையாளரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால், அன்றன்று உள்ள விதியைப் பார்த்துச் சொல்வது தணிக்கையாளரின் பொறுப்பு. இறுதி அனுமதி நிர்வாகக் குழுவின் தீர்மானம் மட்டுமே. செயலாளரோ தலைவரோ தனியாக ஒரு தாளையும் அழிக்க முடியாது. வவுச்சரில் கையெழுத்துப் போட்டவரே அதை அழிக்க அனுமதி தருவது, தம் கணக்குக்குத் தாமே சாட்சி சொல்வது போலாகும்.

தீர்மானத்துக்குப் பின் அலுவலகப் பலகையில் 30 நாள் அறிவிப்பு இருக்கும். அதில் காகித வகையும் ஆண்டும் மட்டுமே இருக்கும். யாருடைய பெயரும் இருக்காது. தம் நகலைத் திரும்பப் பெற விரும்புபவர் அந்த நாட்களில் வந்து வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கு ஒரே ஒரு தடை உண்டு. வழக்கோ விசாரணையோ வரித்துறை நோட்டீஸோ இருந்தால் அது தொடர்பான கட்டில் சிவப்புச் சீட்டு ஒட்டப்படும். காலம் முடிந்திருந்தாலும் சீட்டு இருக்கும் வரை அந்தக் கட்டைத் தொடக்கூடாது. ஓர் ஆண்டின் வரி மதிப்பீடு மறுபடி திறக்கப்பட்டால், அது இறுதியாகும் வரை அப்போது கையில் உள்ள கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்று அதே 17ஏஏ சொல்கிறது.

அழிக்கும் முறை

சாதாரணத் தாள்கள் இரு சாட்சிகள் முன்னிலையில் இயந்திரத்தில் துண்டாக்கப்பட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கப்படும். நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டால் ஆதார் எண்ணை ஒட்டிப் படித்துவிடலாம்.

‘பிஸ்மில்லாஹ்’ அச்சிட்ட லெட்டர்பேடு, ஆயத்து அச்சான நோட்டீஸ் ஆகியவை முதலிலேயே தனியே பிரிக்கப்படும். இத்தகைய தாளைத் தூய்மையான இடத்தில் புதைப்பதை ஹனஃபி நூல்கள் சொல்கின்றன. எரிப்பதற்கும் எழுத்தைக் கழுவி அழிப்பதற்கும் ஷாஃபிஈ நூல்களில் இடமுண்டு. உஸ்மான் (ரலி) அவர்கள் குர்ஆன் பிரதிகளைச் சீர்ப்படுத்தி அனுப்பியபோது, மற்ற ஏடுகளை எரிக்கச் சொன்ன செய்தி புகாரியில் இருக்கிறது. நம் ஊரில் இரு மத்ஹபினரும் இருப்பதால், இமாமிடம் கேட்டு அவர் சொல்லும் முறையில் செய்கிறோம்.

காகிதம் அழிந்த அன்றே அதன் நிழலும் அழிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஆதார் படம் எழுத்தரின் ஃபோனிலும் கணினியிலும் இருந்தால், தாளைத் துண்டாக்கிப் பயனில்லை. தேவை முடிந்த தனிநபர் தரவை, வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, அழிக்க வேண்டும் என்பதே 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலையும். இதனால் விண்ணப்பப் படங்களை இனி அலுவலக எண்ணுக்கு மட்டுமே அனுப்புங்கள். உறுப்பினர்களின் சொந்த எண்ணுக்கு வேண்டாம்.

கடைசியாக, அழிப்புப் பதிவேட்டில் கட்டின் எண், ஆண்டு, தீர்மான எண், தேதி, முறை, இரு சாட்சிகளின் கையொப்பம் ஆகியவை ஏறும். பீரோவிலும் இல்லாத, பதிவேட்டிலும் இல்லாத ஒரு கட்டு இருந்தால் அது அழிந்ததாகக் கொள்ளப்படாது. தொலைந்ததாகவே கொள்ளப்பட்டு, அடுத்த குழுக் கூட்டத்தில் எழுத்தில் விளக்கம் கேட்கப்படும். ஜமாஅத்தார் யாரும் அலுவலக நேரத்தில் அந்தப் பதிவேட்டைப் பார்க்கலாம்.

அமானிதங்களை உரியவாறு பேணும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.

செயலாளர்