கோடிட்ட இடத்தில் எந்தச் சொல்?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் கடைசல் பிரிவில் வேலை செய்கிறேன். ஷிப்ட் முடிந்த பிறகு வங்கி எழுத்தர் பரீட்சைக்குப் படித்து வருகிறேன். ஆங்கிலத் தாளில் இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து, நடுவிலோ தொடக்கத்திலோ கோடிட்டு, ‘ஆல்தோ’, ‘பிகாஸ்’, ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ என்ற நான்கில் ஒன்றை நிரப்பச் சொல்கிறார்கள். நான்குக்கும் தமிழ்ப் பொருள் எனக்கு மனப்பாடம். ஆனாலும் கோட்டில் வைத்துப் படித்துப் பார்த்தால் இரண்டு மூன்று சொற்கள் பொருந்துவது போலவே இருக்கின்றன. ஒரு பக்கம் ‘உண்டு’ என்றும் மறு பக்கம் ‘இல்லை’ என்றும் வந்தால் ‘ஆல்தோ’ அல்லது ‘ஹவெவர்’ போடலாம் என்று பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அதுவும் பாதி நேரம் தவறிவிடுகிறது. எதைப் பார்த்துத் தீர்மானிப்பது?

பதில்: தாங்கள் சொற்களை ஒவ்வொன்றாகக் கோட்டில் வைத்துப் பார்க்கிறீர்கள், சிரமம் அங்கேதான் தொடங்குகிறது. நான்கு சொற்களையும் கையால் மறைத்துவிட்டு, இரண்டு வாக்கியங்களை மட்டும் படித்து, முதலாவது நிகழ்ந்தால் இரண்டாவது நிகழும் என்று நாம் எதிர்பார்ப்போமா, அல்லது அதற்கு மாறானதை எதிர்பார்ப்போமா என்று மனத்துக்குள் கேட்டு விடை கண்ட பிறகே சொற்களைப் பார்க்க வேண்டும். எதிர்பார்த்தபடி நடந்திருந்தால் ‘பிகாஸ்’, ‘தேர்ஃபோர்’ என்ற இரண்டுமே மிஞ்சும். எதிர்பார்ப்புக்கு விரோதமாக நடந்திருந்தால் ‘ஆல்தோ’, ‘ஹவெவர்’ என்ற இரண்டு. இவ்வாறு நான்கு இரண்டான பின்னர், மிஞ்சிய இரண்டில் எது என்பதை வாக்கியத்தின் அமைப்பே சொல்லிவிடும்.

இந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஆங்கில வாக்கியங்களை அவற்றின் வரிசையிலேயே தமிழில் தருகிறேன். “கிருஷ்ணகிரியில் மழை இல்லை. ______, கே.ஆர்.பி. அணை நிரம்பவில்லை.” இங்கே இரு வாக்கியங்களிலும் எழுதப்படாத மூன்றாவது வாக்கியம் ஒன்று மறைந்து நிற்கிறது: மழை பெய்யாத இடத்தில் அணை நிரம்பாது என்ற பொதுவிதி. அந்த விதிப்படியே காரியம் நடந்திருப்பதால் ‘தேர்ஃபோர்’. இப்போது இரண்டாவது வாக்கியத்தை மட்டும் மாற்றுவோம்: “கிருஷ்ணகிரியில் மழை இல்லை. ______, கே.ஆர்.பி. அணை நிரம்பிற்று.” மறைந்து நிற்கும் விதி அதேதான், ஆனால் இந்தத் தடவை அது பலிக்கவில்லை. ஆகவே ‘ஹவெவர்’. விதி ஏன் பலிக்கவில்லை என்று கேட்டால், தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் தோன்றி, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையைக் கடந்து கிருஷ்ணகிரிக்கு வருகிறது. அங்கே நல்ல மழை பெய்தால் இங்கே வானம் வறண்டிருந்தாலும் அணைக்கு நீர் வந்து சேரும். அந்தக் காரணத்தையும் வாக்கியத்தோடு சேர்த்து எழுதினால் அதன் முன்னே ‘பிகாஸ்’ வரும். காரணச் சொல்லும் விரோதச் சொல்லும் வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தவையல்ல. ஒரே பொதுவிதி பலித்தால் ஒன்று, பலியாவிட்டால் மற்றொன்று. ஆதலால் அந்த மறைந்த விதியை ஒரு வரியில் சொல்லிப் பார்ப்பதே இந்த வினாவில் செய்யவேண்டிய முதன்மையான காரியம்.

உண்டு, இல்லை என்ற அடையாளம் ஏன் தவறுகிறது என்பது இதிலேயே விளங்கும். முதல் உதாரணத்தில் இரண்டு வாக்கியங்களும் எதிர்மறை. இரண்டாவதில் ஒன்று மட்டும் எதிர்மறை. இது அந்த வழிக்குச் சாதகமாகவே தோன்றும். ஆனால் “கெலவரப்பள்ளியில் நீர் திறந்துவிட்டார்கள்; ______, மக்கள் ஆற்றைக் கடக்கவில்லை” என்பதைப் பாருங்கள். ஒரு பக்கம் உண்டு, மறு பக்கம் இல்லை. எனினும் வெள்ளம் வரும்போது ஆற்றில் இறங்கலாகாது என்ற விதிப்படி நடந்திருப்பதால் விடை ‘தேர்ஃபோர்’. எதிர்மறை என்பது வினைச்சொல்லின் உருவம். விரோதம் என்பது இரண்டு செய்திகளுக்கு இடையே உள்ள சம்பந்தம். உருவத்தைக் கண்டு சம்பந்தத்தை அனுமானிப்பது சில சமயம் தற்செயலாகப் பலிக்கலாம், அவ்வளவே.

தங்கள் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். “இன்சர்ட் தேய்ந்துவிட்டது. ______, ஜாப்பின் அளவு குறைந்தது.” வெளிவிட்டம் கடையும்போது இன்சர்ட்டின் முனை தேயத் தேய, அது உலோகத்தை விட்டு விலகி நிற்பதனால் வெட்டவேண்டிய அளவு வெட்டாமல் விட்டம் கூடும் என்பது தாங்கள் தினந்தோறும் மைக்ரோமீட்டரில் பிரத்தியட்சமாகக் காணும் விஷயம், ஆகையால் குறைந்தது என்பது எதிர்பார்ப்புக்கு விரோதம், ‘ஹவெவர்’ என்பீர்கள். அதே வாக்கியம் உள்துளையைப் பற்றியதாக இருந்தால், முனை தேய்ந்தபோது துளை குறுகுவதே இயல்பு, அப்போது ‘தேர்ஃபோர்’. வெட்டும் கருவிகளை அறியாத ஒருவருக்கு இரண்டில் எது என்றே தெரியாது. தர்க்கம் வாக்கியத்துக்குள் மட்டும் இருப்பதில்லை, உலகத்தைப் பற்றிய நம் அறிவிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. பரீட்சை தயாரிப்பவர்கள் இதை அறிந்தே, எல்லோருக்கும் தெரிந்த விதிகளின் மேலேயே, அதாவது மழை, படிப்பு, உடல்நலம், விலைவாசி போன்றவற்றின் மேலேயே, வாக்கியங்களை அமைக்கிறார்கள்.

இனி, மிஞ்சிய இரண்டில் எது? ‘பிகாஸ்’, ‘தேர்ஃபோர்’ என்ற இணையில் திசையைக் கவனிக்க வேண்டும். ‘பிகாஸ்’ எப்போதும் காரணத்தின் தலையில் நிற்கும். ‘தேர்ஃபோர்’ காரியத்தின் தலையில் நிற்கும். “கருவி சூடேறியது ______ கூலன்ட் தீர்ந்துவிட்டது” என்பதில் கோட்டுக்குப் பின் வருவது காரணம், ஆகவே ‘பிகாஸ்’. “கூலன்ட் தீர்ந்துவிட்டது. ______, கருவி சூடேறியது” என்பதில் பின் வருவது காரியம்; ஆகவே ‘தேர்ஃபோர்’. முன் வாக்கியத்தைப் பார்த்து ‘ஏன்?’ என்று கேளுங்கள். பின் வாக்கியம் அதற்கு விடையாக அமைந்தால் ‘பிகாஸ்’. இங்கே கெட்டிக்காரர்களும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. “இயந்திரம் நின்றுவிட்டது, ______ சிவப்பு விளக்கு எரிகிறது.” விளக்கு எரிந்ததால் இயந்திரம் நிற்கவில்லையே, இயந்திரம் நின்றதால்தானே விளக்கு எரிகிறது என்று எண்ணிச் சிலர் ‘பிகாஸ்’ஸைத் தள்ளிவிடுகிறார்கள். நம் அலங்கார நூலார் ஏதுவைக் காரகம் என்றும் ஞாபகம் என்றும் இரண்டாகப் பிரித்தார்கள். தண்டியலங்காரத்தில் இந்தப் பாகுபாட்டைக் காணலாம். ஒன்றை உண்டாக்குவது காரக ஏது. ஒன்றை நமக்கு அறிவிப்பது ஞாபக ஏது. புகையைக் கண்டு தீயை அறிகிறோம், புகை தீயை உண்டாக்குவதில்லை. சிவப்பு விளக்கும் அத்தகைய ஞாபக ஏதுவே. ஆங்கிலத்தின் ‘பிகாஸ்’ இருவகை ஏதுவையும் ஏற்கும். ஆகவே அங்கே ‘பிகாஸ்’ சரியான விடை.

‘ஆல்தோ’, ‘ஹவெவர்’ என்ற இணையைப் பிரிப்பது நிறுத்தக்குறி. ‘ஆல்தோ’வும் ‘பிகாஸ்’ஸும் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கி, தம்மோடு சேர்ந்ததை மற்றதற்குச் சார்பாக்கிவிடும், ஆகையால் அவை ஒரே வாக்கியத்துக்குள் நிற்கும், அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலும் வரலாம். ‘ஹவெவர்’, ‘தேர்ஃபோர்’ இரண்டும் வாக்கியங்களை இலக்கணத்தால் இணைப்பதில்லை. கருத்தால் மட்டும் தொடர்புபடுத்தும். எனவே அவற்றுக்கு முன்னே முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ நிற்கும், பின்னே பெரும்பாலும் காற்புள்ளி வரும். “______ கூலன்ட் நிறைய இருந்தது, கருவி சூடேறியது” என்று கோடு தலையில் வந்து, நடுவே வெறும் காற்புள்ளி நின்றால், ‘ஹவெவர்’ என்பது அமைப்பாலேயே ஒழிந்துபோகும். விரோதம் இருப்பதால் ‘ஆல்தோ’. “கூலன்ட் நிறைய இருந்தது; ______, கருவி சூடேறியது” என்று அரைப்புள்ளியும் காற்புள்ளியும் இருபுறமும் காவல் நின்றால் ‘ஹவெவர்’. அவசரத்தில் படிப்பவர்கள் கண்ணுக்குத் தப்புவது இந்தச் சிறு புள்ளிகளே. பயிற்சித் தாளில் அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுப் பழகுங்கள்.

கேள்வி: அந்த முறைப்படி செய்தும் இரண்டு விடை பொருந்துகிற வாக்கியங்கள் வருகின்றனவே, ஐயா? (கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: அம்மா, வருகின்றன, இரண்டு விதமாக வருகின்றன. ஒன்று, காலத்தில் முன் பின்னாக நின்றதைக் காரண காரியமாக எண்ணிவிடுவது. “2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் உண்டாயிற்று. ______, 2019-இல் ஓசூர் மாநகராட்சியாயிற்று.” முன்னது முன்னே நடந்தது, பின்னது பின்னே நடந்தது, ஆயினும், மாவட்டம் பிரிந்தால் அதிலுள்ள ஓர் ஊர் மாநகராட்சி ஆகும் என்று ஒரு பொதுவிதியை யாரும் சொல்ல மாட்டார்கள். விதியை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் அது நிற்காமல் போவதே ‘தேர்ஃபோர்’ அங்கே பொருந்தாது என்பதற்கு அறிகுறி. அந்த வாக்கியத்துக்கு நான்கு சொற்களில் எதுவும் உரியதல்ல. ‘பிறகு’ என்ற பொருளுடைய ஒரு சொல்லே உரியது.

மற்றது சற்று நுட்பமானது. “அவர் தமிழர்; ______, கன்னடம் சரளமாகப் பேசுவார்.” தஞ்சாவூரில் வாழும் ஒருவருக்கு இது ‘ஹவெவர்’ என்பதில் ஐயமிராது. அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து வேலைக்குப் போய்த் திரும்பும் ஓசூர்க்காரருக்கோ, தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் கேட்பது சகஜமாதலால், அங்கே எந்த எதிர்பார்ப்பும் இல்லை, ஆகவே முறிவதற்கும் ஒன்றுமில்லை. இத்தகைய வாக்கியத்தில் தங்கள் அனுபவத்தை ஒதுக்கிவிட்டு, வாக்கியத்தை எழுதியவர் எந்தச் சொற்களால் தம் எண்ணத்தைக் காட்டியிருக்கிறார் என்று தேடுங்கள். ‘இன்னும்’, ‘கூட’, ‘மட்டுமே’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இரண்டாவது வாக்கியத்தில் இருந்தால் அவர் ஒரு விரோதத்தைக் கருதியிருக்கிறார். “அவர் எல்லைப்புறத்தில் வளர்ந்தவர்” என்று முதல் வாக்கியத்திலேயே ஒரு காரணத்தை வைத்திருந்தால், அதே கன்னடப் பேச்சுக்கு விடை ‘தேர்ஃபோர்’ ஆகிவிடும். அத்தகைய குறிப்பு எதுவும் இல்லாதபோது, எல்லைப்புறத்தை அறியாத ஒருவர் என்ன எதிர்பார்ப்பாரோ அதையே எடுத்துக்கொண்டு ‘ஹவெவர்’ என்று எழுதுங்கள். வினாவை அமைப்பவர் பெரும்பாலும் அவரையே மனத்தில் கொண்டு எழுதுகிறார்.