மூளை ஒதுக்கிவைக்கும் கண்

குழந்தைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். வளர வளரச் சரியாகிவிடும் என்போரும் உண்டு. பிறந்த முதல் மூன்று, நான்கு மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்புதான். அதற்குப் பிறகும் ஒரு கண் விலகினால், கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரு கண்களும் அனுப்பும் படங்களை மூளை ஒன்றாக இணைக்கிறது. ஒரு கண் விலகியிருந்தால் வேறுபட்ட இரண்டு படங்கள் வந்து சேரும். பெரியவர்களுக்குத் திடீரென இப்படி நேர்ந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். குழந்தையின் மூளையோ குழப்பத்தைத் தவிர்க்க, விலகிய கண்ணின் படத்தை ஒதுக்கிவிடுகிறது. நாளடைவில் அக்கண்ணுக்குரிய நரம்பு இணைப்புகள் வலுவிழக்கின்றன. இதைச் ‘சோம்பேறிக் கண்’ என்பர். பாவம், அந்தக் கண் சோம்பியிருக்கவில்லை. மூளைதான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

டேவிட் ஹியூபல், டோர்ஸ்டன் வீசல் ஆகிய அறிவியலாளர்கள் 1960களில் இதை ஆராய்ந்தனர். பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணிமையைத் தைத்து மூடி, சில மாதங்களுக்குப் பின் திறந்தனர். மூளையின் பார்வைப் பகுதியில் அக்கண்ணுக்குப் பதிலளிக்கும் செல்கள் மிகக் குறைவாகவே இருந்தன. வளர்ந்த பூனைகளிடம் அத்தகைய பாதிப்பு ஏற்படவில்லை. இளமையில் மட்டுமே மூளை இவ்வளவு எளிதில் மாறுகிறது. மனிதருக்கு அந்தக் காலம் ஏறத்தாழ எட்டு வயதுவரை நீடிக்கிறது.

மாறுகண்ணாவது வெளியே தெரியும். தெரியாத வகையும் உண்டு. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் இடக்கண்ணில் மட்டும் தூரப்பார்வைக் குறை அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அவள் வலக்கண்ணால் பார்த்தே ஓடுவாள், படம் வரைவாள். யாருக்கும் ஐயம் எழாது. அவளுடைய இடக்கண்ணைக் கையால் மறைத்தால் பேசாமல் இருப்பாள். வலக்கண்ணை மறைத்தாலோ சிணுங்கிக் கையைத் தள்ளிவிடுவாள். இந்த வேறுபாடு ஓர் அறிகுறி.

மருத்துவர் முதலில் மூக்குக்கண்ணாடி கொடுப்பார். சில மாதங்களில் அதனாலேயே பார்வை ஓரளவு தேறலாம். போதாவிட்டால், நல்ல கண்ணை ஒட்டுத்துணியால் நாளுக்கு இரண்டு மணி நேரம் மூடச் சொல்வார். பாதிப்பு கடுமையானால் ஆறு மணி நேரம். அப்போது மூளை இடக்கண்ணையே நம்பியாக வேண்டும். அந்நேரத்தில் வண்ணம் தீட்டுவது போன்ற நுணுக்கமான வேலைகள் உதவும். பிள்ளைகள் பலர் ஒட்டுத்துணியைப் பிய்த்தெறிவர். அவர்களுக்கு, நல்ல கண்ணின் பார்வையைச் சற்று மங்கச் செய்யும் அட்ரோபின் சொட்டு மருந்து மாற்றுவழி. அளவு மீறி மூடினால் நல்ல கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதால், மருத்துவர் குறித்த நாளில் மறுபரிசோதனை அவசியம்.

இதே சிகிச்சையைப் பன்னிரண்டு வயதில் தொடங்கினால் பயன் அறவே இல்லை என்று கூற முடியாது. ஆயினும், முன்னேற்றம் பெரும்பாலும் குறைவாகவும் மெதுவாகவுமே இருக்கும். மாறுகண் அறுவைச் சிகிச்சை எந்த வயதிலும் கண்களை நேராக்க முயலும். ஆனால், மூளை ஒதுக்கிவைத்த பார்வையை அது மட்டுமே மீட்டுத் தராது.