சப்ஜெக்டில் விஷயம், உள்ளே ஒன்றுமில்லை

கெலமங்கலத்தில் ஓசூர்க் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஒரு மெஷினிங் பட்டறையில் நான் டிஸ்பாட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பொருள் வாங்கும் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. சப்ஜெக்டில் `Rejection - Bracket - 2nd lot` என்று இருந்தது. திறந்தால் உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. பதற்றத்தில் "நோட்டட் சார்" என்று பதில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். திங்கட்கிழமை காலை 600 பிராக்கெட்டும் லாரியில் திரும்பி வந்தன. பிரித்துப் பார்த்தால் துளையில் பிசிறு இருந்தது 40-இல்தான். ஆனால் லாட் முழுவதையும் நாங்கள் ஒப்புக்கொண்டதாக என் பதிலைக் காட்டினார்கள். லாரி வாடகையும் டெபிட் நோட்டில் ஏறியது.

செய்ய வேண்டியவை

• மெயில் உண்மையிலேயே காலிதானா என்று முதலில் பாருங்கள். 2008-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5322 என்ற மின்னஞ்சல் விதிப்படி, ஒரு மெயிலுக்கு அனுப்புநரும் தேதியும்தான் கட்டாயம். உள்ளடக்கம் இல்லாமலும் போகலாம். அதனால் காலி மெயிலைப் பொதுவாக எந்த சர்வரும் பிழை என்று திருப்பி அனுப்பாது. அதே சமயம், அவர் அனுப்பியது நம் திரையில் தெரியாமலும் இருக்கலாம். இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டைப் படமாக ஒட்டியிருந்தால், படங்களைக் காட்டச் சொல்லும் வரை பக்கம் வெள்ளையாகவே இருக்கலாம். அவுட்லுக்கிலிருந்து வருவது சில சமயம் `winmail.dat` என்ற கோப்புக்குள் அடைபட்டு வரும். போனில் காலியாகத் தெரிந்தால் கணினியில் திறந்து பாருங்கள். ஜிமெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி `Show original` போனால் வந்தது முழுவதும் தெரியும். அங்கே வரிகள் நீளமாக இருப்பதை மட்டும் வைத்து விஷயம் இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். எழுத்துருக் குறிப்புகளே பக்கக்கணக்கில் நீளும்.

• காலிதான் என்று உறுதியானால், அதே மெயிலுக்கே ரிப்ளை போடுங்கள். வந்தது எது, வராதது எது, உங்களுக்கு வேண்டியது எது என்று மூன்றையும் சொல்லுங்கள். அன்று நான் எழுதியிருக்க வேண்டியது இது:

"ஐயா, இன்று மாலை 5.50-க்கு வந்த உங்கள் மெயிலில் சப்ஜெக்ட் மட்டுமே உள்ளது. விவரமோ இணைப்போ வரவில்லை. இரண்டாவது லாட் பிராக்கெட் பற்றியது என்று எடுத்துக்கொள்கிறோம். எத்தனை பீஸ், என்ன குறை, இன்வாய்ஸ் எண், ஒரு போட்டோ, இவற்றை அனுப்புங்கள். திங்கள் காலை எங்கள் ஆள் நேரில் வந்து பார்க்கும் வரை பொருளைத் தனியாக வைத்திருக்கக் கேட்டுக்கொள்கிறோம். இந்தப் பதில் ரிஜெக்‌ஷனை ஏற்றுக்கொண்டதாகாது."

கடைசி வரி கொஞ்சம் கறாராகத் தோன்றும். ஆனாலும் அதை எடுத்துவிடாதீர்கள். டெபிட் நோட் வந்தபின் நாங்கள் தேடியது அந்த ஒரு வரியைத்தான்.

• பதில் போட்ட கையோடு போனும் செய்யுங்கள். இந்த எல்லைப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் எதில் வேண்டுமானாலும் பேசி முடித்துவிடுவோம். மெயில் என்றதும் இங்கிலீஷ் எழுதத் தயங்கி, சப்ஜெக்டோடு நிறுத்திவிடுபவர்கள் இரண்டு பக்கமும் உண்டு. அவர் 40 பீஸ் என்று வாயால் சொன்னால், "போனில் 40 பீஸ் என்று சொன்னீர்கள்" என்று அதே மெயிலின் கீழேயே எழுதிவிடுங்கள்.

செய்யக்கூடாதவை

• "நோட்டட்", "ஓகே சார்", "செய்துவிடுகிறோம்" என்று எழுதாதீர்கள். எதற்குச் சரி சொன்னோம் என்பது அந்த மெயிலில் இல்லை; பின்னால் அவர் சொல்வதுதான் அதன் பொருளாகிவிடும்.

• விஷயத்தை ஊகித்து, காரணமும் மன்னிப்பும் எழுதாதீர்கள். பிளேட்டிங் குறையாக இருக்கும் என்று நினைத்து விளக்கம் கொடுத்தால், அவர் கேட்காத ஒரு குறையை நாமே ஒப்புக்கொண்டதாகும்.

• சப்ஜெக்டை மாற்றாதீர்கள். மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். மூன்று மாதம் கழித்துத் தேடும்போது கேள்வி ஓரிடத்திலும் பதில் ஓரிடத்திலும் கிடக்கும்.

• அனுப்பியவரின் மேலாளரை சிசியில் சேர்த்து, "உங்கள் மெயில் காலி" என்று எழுதாதீர்கள். பாதியில் கை பட்டுப் போயிருக்கலாம். பத்து நிமிடத்தில் முழு மெயில் வந்துவிடும்.

• முன்பின் தெரியாத முகவரியிலிருந்து வந்த காலி மெயிலுக்குப் பதிலே போடாதீர்கள். இந்த முகவரியை யாராவது பார்க்கிறார்களா என்று தெரிந்துகொள்ளவே மோசடிக்காரர்கள் வெறும் மெயில் அனுப்புவதுண்டு. சப்ஜெக்ட் `Bank account change` என்று இருந்தால், தெரிந்த பெயரில் வந்திருந்தாலும் ரிப்ளை வேண்டாம். அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். `m` இருக்க வேண்டிய இடத்தில் `rn` இருக்கலாம். பழைய இன்வாய்ஸில் அச்சான எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால், உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.