வயிறு நிறைந்த பின்னும் பாயசத்துக்கு இடம் இருப்பது ஏன்?

விருந்தில் “இனி ஒரு பருக்கையும் இறங்காது” என்று சோற்றை மறுத்தவர், பாயசம் வந்ததும் இலையில் இடம் ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறோம். செரிமான மண்டலம் பாடம் நடத்தும்போதெல்லாம் “இனிப்புக்குத் தனி வயிறா சார்?” என்று மாணவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். விடை வயிற்றில் இல்லை, மூளையில் இருக்கிறது.

‘போதும்’ என்ற உணர்வு ஒன்றல்ல, இரண்டு. முதலாவது பொதுவான நிறைவு. இரைப்பைச் சுவர் விரிவதை நரம்புகள் மூளைக்குத் தெரிவிக்கின்றன. குடலில் சுரக்கும் ஹார்மோன்களும் அதற்குத் துணை செய்கின்றன. இரண்டாவது, உண்ட அந்த உணவின்மேல் மட்டும் விருப்பம் குறைவது. இதை ஆங்கிலத்தில் ‘சென்ஸரி ஸ்பெசிஃபிக் சட்டைட்டி’ என்கிறார்கள். ‘திகட்டிவிட்டது’ என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

பார்பரா ரோல்ஸ், எட்மண்ட் ரோல்ஸ் ஆகியோரும் உடன் ஆய்வாளர்களும் 1981-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கியது. பங்கேற்றவர்கள் எட்டு உணவுகளைச் சிறிதளவு சுவைத்து, எவ்வளவு பிடிக்கிறது என மதிப்பிட்டனர். பிறகு அவற்றுள் ஒன்றை மட்டும் மதிய உணவாக வயிறார உண்டனர். உண்டு முடித்த இரண்டு நிமிடத்தில் எட்டையும் மீண்டும் சுவைத்தனர். உண்ட உணவின் மதிப்பு நன்றாகக் குறைந்தது. உண்ணாதவற்றின் மதிப்பு அவ்வளவாகக் குறையவில்லை. அடுத்து மீண்டும் உணவு தந்தபோது, அதே உணவைப் பெற்றவர்களைவிட வேறு உணவைப் பெற்றவர்கள் அதிகம் உண்டனர்.

இரண்டு நிமிடத்துக்குள் உணவு செரித்துவிடாது. ஆகவே இம்மாற்றம் செரிமானத்தால் வருவதில்லை. நாக்கு மரத்துப்போவதும் காரணமன்று. இனிப்பு இனிப்பாகவே தெரிகிறது, அதன் இன்பம்தான் குறைகிறது. குரங்குகளில் நடந்த ஆய்வுகளில், கண்குழிக்கு மேலே உள்ள மூளைப் புறணியின் சில நரம்பு செல்கள், வயிறாரக் கொடுத்த உணவுக்குத் துலங்குவதை நிறுத்திய பின்னும் வேறு உணவுக்குத் துலங்கின.

இதை வகுப்பில் செய்து பார்க்கலாம். நான் பின்பற்றும் முறை இது. மதிய உணவுக்கு முன் சாம்பார் சாதம், வாழைப்பழம், வெள்ளரிக்காய், கடலை மிட்டாய் ஆகியவற்றை ஒவ்வொரு வாய் கொடுத்து, 0 முதல் 10 வரை மதிப்பெண் எழுதச் சொல்லவும். பிறகு சாம்பார் சாதத்தை மட்டும் வயிறார உண்ணட்டும். முடித்த உடனே நான்கையும் அதே வரிசையில் மீண்டும் சுவைத்து எழுதட்டும். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தை இருந்தால் மிட்டாயைத் தவிர்க்கவும்.

கணக்கிட ஓர் எடுத்துக்காட்டு: சாதம் 8-லிருந்து 4, வாழைப்பழம் 7-லிருந்து 6, வெள்ளரி 6-லிருந்து 6, மிட்டாய் 9-லிருந்து 7 எனக் கொள்வோம். சாதத்தின் சரிவு 4. மற்ற மூன்றின் சரிவு 1, 0, 2, சராசரி 1. இந்த 1 பொதுவான நிறைவைக் காட்டுகிறது. மீதி 3 சாதத்துக்கே உரிய திகட்டல். எல்லா உணவும் ஒரே அளவில் சரிந்திருந்தால் அது வெறும் வயிற்று நிறைவே.

முடிவு பிசகப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, “பசிக்கிறதா?” என்று கேட்டுவிடுவது, “இந்த வாய் எவ்வளவு பிடித்தது?” என்றே கேட்க வேண்டும். மற்றொன்று, ஒத்த சுவையுள்ள உணவுகளை வைப்பது. சாதத்துக்குப் பதில் சர்க்கரைப் பொங்கல் உண்டால் கடலை மிட்டாயின் மதிப்பும் சேர்ந்து இறங்கும். இனிப்பு இரண்டுக்கும் பொது.

இதன் பயன் மதிய உணவு வரிசையிலேயே தெரியும். “வயிறு நிறைந்துவிட்டது” என்று சோற்றை மீதம் வைத்த குழந்தை, பத்து நிமிடத்தில் பள்ளி வாசலில் மிட்டாய் வாங்கினால் பொய் சொன்னதாகக் கண்டிக்கிறோம். அக்குழந்தை சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அதற்குத் திகட்டியது சோறுதான். அதே சோற்றை வற்புறுத்துவதைவிட, முட்டையையோ காயையோ தொட்டுக்கொண்டு மாற்றி மாற்றி உண்ணச் சொன்னால் இன்னும் சில கவளம் இறங்கும்.

இதே இயல்பு எதிர்த்திசையிலும் வேலை செய்யும். நான்கு வகை உள்ளீடு வைத்த சாண்ட்விச்சுகளைத் தந்தபோது, ஒரே வகையைத் தந்ததைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக உண்டதையும் ரோல்ஸ் குழுவினர் கண்டனர். பல வகை நொறுக்குத்தீனி ஒன்றாகக் கிடைத்தால் கை நிற்காததற்கு இதுவும் ஒரு காரணம். வகைகள் கூட வேண்டியது காய், கனி, பயறு ஆகியவற்றில். குறைய வேண்டியது பொட்டலத் தீனியில். இதை அறிவுரையாகச் சொல்வதைவிட, மாணவர் தாமே எழுதிய மதிப்பெண் தாளைக் காட்டிப் பேசுவது எளிது.